நிற்பது மட்டும் போதுமா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இரண்டே சக்கரங்களின்மேல் கீழே விழாமல் நிற்கும் சிறு வண்டியைச் செய்து காட்டுவது, அறிவியல் பயிலும் மாணவரிடையே இன்று ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கண்காட்சி எங்கு நடந்தாலும் அங்கே ஒரு மேசையின் மேல் அத்தகைய வண்டி ஒன்று நடுங்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். பார்ப்போர் கைதட்டுவர், நடுவர் பத்து வரை எண்ணுவார், மதிப்பெண் விழும். நம் துறையின் செயல்திட்ட மதிப்பீட்டிலும் ஏறக்குறைய இதே முறைதான் நடைமுறையில் உள்ளது. பத்து நொடி நின்றால் வெற்றி என்பது எங்கும் எழுதி வைக்கப்படாத விதி. இந்த விதி மாற்றப்பட வேண்டும் என்பது என் கருத்து. பத்து நொடி நிற்கும் வண்டி பாதி வண்டியே. மீதிப் பாதியில்தான் இயற்பியல் இருக்கிறது. அதை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் கணக்கோடு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூவர் சேர்ந்து செய்தது. பல்லிணையோடு கூடிய இரண்டு சிறு மோட்டார்கள். அவற்றின் பின்புறம் சுழற்சியை எண்ணிச் சொல்லும் எண்ணிகள். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள். அவற்றுக்கு மேலே மூன்று தட்டுகள். நடுத்தட்டில் ஆர்டுயினோ பலகையும், எம்.பி.யு. 6050 என்னும் உணரியும், மேல்தட்டில் பாட்டரி. மொத்த எடை 800 கிராம். எடைமையம் இருசிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்தது.

இதைத் தலைகீழாக நிற்கும் ஊசல் என்று கொள்ளலாம். முதலாண்டில் நாம் எழுதிய ஊசலின் சமன்பாட்டில் ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும். அலைவு போய்ச் சரிவு வந்துவிடும். நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எங்கள் வண்டிக்குக் கிடைப்பது 0.1 நொடி. பொருள் என்னவெனில், தடுப்பாரின்றி விட்டால் சாய்வானது ஒவ்வொரு 0.1 நொடிக்கும் ஏறத்தாழ 2.7 மடங்கு பெருகும். கண்ணுக்கே தெரியாத 0.1 டிகிரிச் சாய்வு அரை நொடியில் 7 டிகிரியைத் தாண்டிவிடும். உயரம் கூடினால் இந்த நேரமும் கூடும். அதனால்தான் கனமான பாட்டரியை உச்சியில் வைத்தோம். பலர் அதைக் கண்டு, பாரம் கீழே இருந்தாலல்லவா வண்டி நிலைக்கும் என்று கேட்டார்கள். உள்ளங்கையில் நீண்ட கழியை நிறுத்துவது எளிதா, பென்சிலை நிறுத்துவது எளிதா என்று செய்து பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கழியை நிறுத்தும்போது நாம் செய்வது ஒன்றே. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகிறோம். வண்டியும் சாயும் பக்கம் சக்கரத்தை ஓட்டுகிறது. ஆனால் நமக்குக் கண் இருக்கிறது; வண்டிக்கு இல்லை. எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறோம் என்பதை அது எப்படி அறியும்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் உணரிக்குள் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று கைரோ, அது கோண வேகத்தைச் சொல்லும். அதைக் காலத்தோடு தொகுத்துக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். கைரோ விரைவான அசைவுகளைத் துல்லியமாகச் சொல்லக்கூடியது. குறை என்னவென்றால், அசையாமல் வைத்திருக்கும்போதும் அது சுழியைக் காட்டாது. நொடிக்கு அரை டிகிரி என்று பொய்யாகக் காட்டினால், ஒரு நிமிடத்தில் அந்தப் பொய் 30 டிகிரியாகத் திரண்டுவிடும். மற்றொன்று முடுக்கமானி, அது புவியீர்ப்பின் திசையைக் காட்டும். அதன் சொல் நாள்பட்டாலும் நழுவாது. ஆனால் சக்கரம் ஒருமுறை வெட்டி இழுத்தால் அதையும் புவியீர்ப்போடு சேர்த்துக்கொண்டுவிடும். நொடிக்கு நொடி 1 மீட்டர் முடுக்கத்தை, 6 டிகிரிச் சாய்வு என்றே அது அறிவிக்கும்.

ஆக, ஒரு சாட்சி உடனடிச் செய்திக்கு நம்பத்தக்கவர், நாட்பட்ட செய்திக்கு ஆகாதவர். மற்றவர் நேர் எதிர். இருவரையும் கலந்து கேட்பதே நிரப்பு வடிப்பான். எங்கள் வண்டியில் நொடிக்கு நூறு முறை அது இப்படிக் கணக்கிடுகிறது:

```
angle = 0.98*(angle + rate*0.01) + 0.02*accAngle;
```

பழைய கோணத்தோடு கைரோ சொன்ன மாற்றத்தைக் கூட்டி அதற்கு 98 பங்கு மதிப்பு. முடுக்கமானியின் சொல்லுக்கு 2 பங்கு மதிப்பு. கடையில் விற்கும் பல தொகுப்புகளின் நிரலிலும் இந்த 0.98 ஏதோ மந்திர எண்போல் வந்துகொண்டே இருக்கும். தனியாக நின்றால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. 0.98-ஐ 0.01 நொடியால் பெருக்கி 0.02-ஆல் வகுத்தால் 0.49 நொடி கிடைக்கும். இதுவே வடிப்பானின் காலமாறிலி. இதைவிட விரைவான அசைவுகளுக்குக் கைரோவின் சொல்லும், இதைவிட மெதுவானவற்றுக்கு முடுக்கமானியின் சொல்லும் எடுபடும். அதே 0.98-ஐ வைத்துக்கொண்டு நொடிக்கு இருநூறு முறை கணக்கிடுபவருக்குக் காலமாறிலி கால் நொடியாகக் குறைந்துவிடும். அவர் செய்திருப்பது வேறொரு வடிப்பான். சக மாணவர்கள் இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை நொடிக்கு ஒருமுறை என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டுகிறேன்.

வடிப்பான் கைரோவின் பொய்யை முற்றிலும் அழிப்பதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். திரண்டுகொண்டே போவதைத் தடுத்து, ஓர் அளவில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். நொடிக்கு அரை டிகிரிப் பிழை என்றால், அதைக் காலமாறிலியால் பெருக்க, ஏறத்தாழ கால் டிகிரி எப்போதும் தங்கிவிடும். கால் டிகிரி அற்பமென்று தோன்றும். அது எப்படிப் பெரிதாகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கோணம் தெரிந்தபின் உள்வளையம் எளிது. கோணத்தை ஒரு பெருக்கெண்ணாலும், கைரோ தரும் கோண வேகத்தை இன்னொரு பெருக்கெண்ணாலும் பெருக்கிக் கூட்டினால் மோட்டாருக்கு அனுப்ப வேண்டிய மின்னழுத்தம் கிடைத்துவிடும். முதல் எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். வண்டி எழுந்து நிற்க முயன்று, முன்னும் பின்னும் ஊஞ்சலாடத் தொடங்கும். அப்போது இரண்டாவது எண்ணைக் கூட்டினால் ஆட்டம் அடங்கும். அளவு மீறினால் வண்டி வண்டாக ரீங்காரமிட்டு நடுங்கும். கொஞ்சம் குறைத்துவிட வேண்டும். இரண்டாவது எண்ணுக்கு வேண்டிய கோண வேகத்தைக் கைரோவிடமிருந்து நேராகவே எடுத்துக்கொள்வது நல்லது. வடித்தெடுத்த கோணத்தை மறுபடி வகையிடுவது கிடைத்த செய்தியைக் கலைத்துவிட்டு மீண்டும் தேடுவதாகும். பல்லிணையில் உள்ள சிறு இடைவெளியாலும், மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் சுழல மறுப்பதாலும் ஒரு மெல்லிய நடுக்கம் எப்போதும் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். வண்டி நிற்கிறதே என்பார்கள். ஆனால் கையை எடுத்தபின் நடப்பதைக் கவனித்தால் ஒன்று தெரியும். எங்கள் வண்டியும் நிமிர்ந்தேதான் நின்றது. நிமிர்ந்தபடியே பின்னோக்கி நகரத் தொடங்கியது, நடை ஓட்டமாயிற்று, இரண்டரை நொடியில் மல்லாந்து விழுந்தது. எத்தனை முறை வைத்தாலும் இதே கதைதான். கண்காட்சிகளில் இதை மறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வண்டியின் உச்சியை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். அல்லது மேசைவிரிப்பின் மடிப்பில் சக்கரத்தை நிறுத்திவிடுவார்கள். பத்து நொடி கழிந்துவிடும்.

அது ஏன் ஓடுகிறது? மோட்டாரை அணைத்துவிட்டு, எந்தப் பக்கமும் விழாமல் தத்தளிக்கும் நிலையில் வண்டியைக் கையால் பிடித்து, திரையில் வரும் கோணத்தைப் படித்தோம். சுழி வரவேண்டிய இடத்தில் 1 டிகிரி வந்தது. உணரியை ஒட்டியதில் இருந்த சாய்வு, பாட்டரி தட்டின் நடுவில் சரியாக அமராதது, கைரோவின் எச்சம் எல்லாம் சேர்ந்தது அந்த 1 டிகிரி. உள்வளையத்துக்கு இது தெரியாது. சுழி வரவேண்டும் என்பதே அதற்கிட்ட கட்டளை. ஆகவே அது வண்டியை உண்மையில் 1 டிகிரி பின்னால் சாய்த்துப் பிடிக்கிறது. சாய்ந்த உடல் விழாதிருக்க வேண்டுமானால் சக்கரம் அந்தத் திசையில் முடுக்கத்தோடு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மோட்டாரின் எதிர்த்திருப்பத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 1 டிகிரிக்கு வேண்டிய முடுக்கம் நொடிக்கு நொடி 0.17 மீட்டர். எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும். அந்தச் சக்கரத்தோடு அதன் உச்ச வேகம் நொடிக்கு 0.68 மீட்டர். நான்கே நொடியில் அந்த எல்லை வந்துவிடும். அதற்கு மேல் வேகமெடுக்க மோட்டாரால் இயலாது; வண்டி விழும். உள்வளையத்தின் பெருக்கெண்ணை எவ்வளவு கூட்டினாலும் இது தீராது. கூட்டக் கூட்ட, தவறான கோணத்தை இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும், வேறென்ன செய்யும்?

கணக்கு நான்கு நொடி என்றது. வண்டியோ இரண்டரை நொடிக்கு மேல் தாங்கவில்லை. இந்த வேறுபாடு எங்களை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. விடை முடுக்கமானியில் இருந்தது. சாய்ந்தபடி முடுக்கத்தோடு ஓடும் வண்டியில், புவியீர்ப்பும் ஓட்டத்தின் விளைவும் சேர்ந்து ஏறக்குறைய உடலின் நீளவாக்கிலேயே அமைந்துவிடுகின்றன. பேருந்து புறப்படும்போது முன்னால் சாய்ந்து நிற்பவருக்குத் தாம் நேராக நிற்பதாகவே தோன்றுமல்லவா, அதுபோல. எங்கள் வண்டியின் அளவுகளுக்குக் கணக்கிட்டால், சாய்வில் சுமார் நாலில் ஒரு பங்கையே முடுக்கமானி அப்போது காட்டும். ஆகவே இன்னும் சாயவேண்டும் போலும் என்று வடிப்பான் எண்ணிக்கொள்கிறது. 1 டிகிரியில் தொடங்கிய உண்மைச் சாய்வு 4 டிகிரியை நோக்கி வளர்கிறது. முன்னர் நாம் அற்பமென்று விட்ட கால் டிகிரியும் இப்படியே 1 டிகிரியாகிவிடும். இதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டரை நொடி சரியாக வந்தது. அந்த விடையைத் தாளில் கண்ட மாலையில் மூவரும் உணவக மேசையில் ஒரு டீயை இரண்டாகப் பிரித்து மூவரும் குடித்தோம் என்பது வேறு கதை.

சிலர் கூறலாம்: பிழை 1 டிகிரி என்று தெரிந்துவிட்டதே, நிரலில் சுழிக்குப் பதிலாக 1 என்று எழுதிவிட்டால் ஆயிற்று. செய்து பார்த்தோம். காலையில் சரியாக இருந்தது. உணரி சூடேறியதும் கைரோவின் எச்சம் மாறியது; எண் பொய்த்தது. பாட்டரியைக் கழற்றி மாட்டினால் எண் மாறும். தரை சற்றே சரிவாக இருந்தாலும் மாறும். ஏனெனில் சரிவில் நிற்கவேண்டுமானால் மேட்டுப் பக்கம் சிறிது சாய்ந்துதான் நிற்கவேண்டும். இன்னும் சிலர், கால்மன் வடிப்பானைப் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார்கள். அது கைரோவின் எச்சத்தைத் தானே மதிப்பிட்டுக் கழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் இதே இரண்டு சாட்சிகளைத்தான் விசாரிக்கிறது. பாட்டரி நகர்ந்ததை அவர்களில் யாரும் சொல்லப்போவதில்லை. எத்தனை விலையுயர்ந்த உணரி வாங்கினாலும் எடைமையம் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது.

என் தந்தையார் மாட்டுவண்டி ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னடா, முன்பாரமா, பின்பாரமா?" என்பதுதான். மூட்டை ஏற்றும்போது பாரம் முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி எழும்பும். அதை அவர் எந்தக் கோணமானியாலும் அளப்பதில்லை. இரண்டடி ஓட்டிவிட்டு மாடு நடக்கும் விதத்தைப் பார்க்கிறார். வண்டி எப்படிப் போகிறது என்பதே, பாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு அவருடைய சாட்சி. எங்களுக்கு வேண்டிய மூன்றாவது சாட்சியும் அதுவே. சக்கரத்தில் எண்ணி இருக்கிறது. வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அது சொல்கிறது. பின்னோக்கி ஓடினால், சுழி என்று நாம் நினைக்கும் இடம் தவறு என்று பொருள்.

அந்தச் செய்தியைக் கொண்டு இயங்குவது வெளிவளையம். அது மோட்டாரை நேராகத் தொடுவதில்லை. எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கவேண்டும் என்ற இலக்கை மட்டும் உள்வளையத்துக்குக் கட்டளையிடும். ஒன்று கட்டளையிட, மற்றொன்று நிறைவேற்ற, இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அமைவதையே அடுக்குக் கட்டுப்பாடு என்கிறோம்.

```
target = -(10*v + 5*x);
u = Kp*(angle - target) + Kd*rate;
```

இதில் v என்பது நொடிக்கு மீட்டர் கணக்கில் வேகம், x என்பது தொடங்கிய இடத்திலிருந்து மீட்டர் கணக்கில் விலகல், இலக்கு டிகிரியில். முன்னோக்கி ஓடினால் பின்னால் சாய் என்கிறது முதல் வரி. நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்துக்கு 1 டிகிரி. இலக்கு 5 டிகிரிக்கு மேல் போகாதபடி ஒரு வரம்பும் வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்னோக்கி ஓடும் வண்டியை நிறுத்தவேண்டும் என்றால், சக்கரம் முதலில் இன்னும் வேகமாக முன்னோக்கி ஓடவேண்டும். அப்படி ஓடினால்தான் அது உடலுக்கு முன்னே போய், உடல் பின்னால் சாயும். அதன் பிறகே வேகத்தைக் குறைக்க முடியும். கழியை நிறுத்திக்கொண்டு முன்னால் நடக்க விரும்புபவர் முதலில் கையைச் சற்றுப் பின்னே இழுப்பதும் இதனால்தான். 2001 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியாகி, 2020 ஜூலையில் உற்பத்தி நின்றுபோன செக்வே வண்டியும் இதையே செய்தது. ஏறியவர் வேக வரம்பை நெருங்கினால் கைப்பிடி தானாகப் பின்னோக்கி வந்து அவரைப் பின்னால் சாய்க்கும். வேகத்தைக் குறைப்பதற்காக அது அந்தக் கணம் வேகத்தைக் கூட்டியிருக்கும்.

முதலில் கட்டளை தவறான திசையில் தோன்றிப் பிறகே சரியாவதால், வெளிவளையம் பொறுமைசாலியாக இருக்கவேண்டும். உள்வளையம் தன் வேலையை முடிக்குமுன் அது அடுத்த கட்டளையை வீசினால், இரண்டும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கிவிடும். எங்கள் உள்வளையம் 0.1 நொடிக்குள் இலக்கை எட்டிவிடுகிறது. மேலே சொன்ன 10 என்ற பெருக்கெண்ணோடு வெளிவளையத்துக்கு வேகத்தைத் தணிக்க அரை நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. ஐந்து மடங்குக்குக் குறையாத இந்த இடைவெளியைக் காத்தால் போதும். எந்த வளையத்தில் கோளாறு என்று கண்டறிவதும் எளிது. ஒரு நொடியில் பலமுறை படபடத்தால் உள்வளையத்தின் எண்கள் மிகை. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தள்ளாடி, ஒவ்வொரு முறையும் ஆட்டம் பெருத்துக்கொண்டே போனால் வெளிவளையத்தின் எண்கள் மிகை. அல்லது வடிப்பானின் காலமாறிலி மிகக் குறைவு. கை நாடி பார்ப்பதுபோல ஆட்டத்தின் காலத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். கடைத் தொகுப்பில் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் திருகிக்கொண்டிருக்கும் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. வெளிவளையத்தை அணைத்துவிட்டு உள்வளையத்தை முடிக்கவேண்டும். அதன் பிறகு வேகத்தின் எண். கடைசியாகத்தான் விலகலின் எண்.

இப்படிப் படிப்படியாகச் செய்தபோது கிடைத்தது என்ன? வேகத்தின் எண் மட்டும் இருந்தபோது வண்டி விழவில்லை. ஆனால் நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்துகொண்டே சுவர் வரை சென்றது. கணக்கும் அதையே சொல்கிறது: 1 டிகிரிப் பிழையை 10-ஆல் வகுத்தால் 0.1 மீட்டர். விலகலின் எண்ணையும் சேர்த்தபின், பின்னோக்கிச் சென்று, இரண்டு மூன்று முறை தள்ளாடி, தொடங்கிய இடத்துக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் நின்றது, அங்கேயே நின்றது. 1 டிகிரியை 5-ஆல் வகுத்தால் 0.2 மீட்டர். வண்டி நிற்கும் இடமே உணரி சொன்ன பொய்யின் அளவு! அளவுகோலைத் தரையில் வைத்து, விலகலை 5-ஆல் பெருக்கினால் பிழை எத்தனை டிகிரி என்று படித்துவிடலாம். காலையில் 20 சென்டிமீட்டர், உணரி சூடேறியபின் 24 சென்டிமீட்டர் என்றால், பிழை 1 டிகிரியிலிருந்து 1.2 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. இத்தனை எளிய கோணமானி நம் ஆய்வகத்தில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மோட்டாரிடம் மிச்ச வேகம் இருக்கும் வரையில்தான் எந்த வளையமும் வேலை செய்யும். பாட்டரி இறங்கினால் உச்ச வேகம் குறையும். பலமாகத் தள்ளினால் உடலுக்கு அடியில் சக்கரம் போய்ச் சேராது. 2003 செப்டம்பரில் அதுவரை விற்றிருந்த சுமார் 6000 செக்வே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்ததும் இக்காரணத்தால்தான்: பாட்டரி தாழ்ந்திருக்கும் நேரத்தில் மோட்டாருக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்காமல் ஏறியவர் விழ நேர்ந்தது. எங்கள் வண்டியில் பாட்டரியின் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மோட்டாரை அணைத்து, விளக்கை எரியவிடுகிறோம். விழுவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழுகிறது.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். பத்து நொடி எண்ணும் முறையில், விரலால் தொட்டுக்கொண்டிருந்த வண்டிக்கும், ஒரு மணி நேரம் ஓரிடத்தில் நிற்கக்கூடிய வண்டிக்கும் ஒரே மதிப்பெண் விழுகிறது. நிரலை வாங்கி ஏற்றியவரும், 0.49 நொடி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆசிரியப் பெருமக்கள் கடிகாரத்தை வைத்துவிட்டு அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டுகிறேன். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று கிழித்து, அதன்மேல் வண்டியை விடச் சொல்லி, ஒரு நிமிடம் கழித்து அது எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அங்கே ஏன் நிற்கிறது என்று கேட்கலாம். பிறகு ஆய்வகத்து எடைப் பெட்டியிலிருந்து 50 கிராம் எடையை எடுத்து, வண்டியின் மேல்தட்டில் இருசுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் வைப்பதாகச் சொல்லி, வைக்குமுன்னரே மாணவரிடம், இனி வண்டி எங்கே போய் நிற்கும் என்று கேட்கலாம்.

எங்களிடம் கேட்டால் நாங்கள் சொல்வது இது. மொத்தம் 850 கிராம். எடைமையம் முன்னால் நகர்வது 0.29 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 1.7 டிகிரி. அவ்வளவு பின்னால் சாய்ந்தால்தான் சமநிலை. 1.7-ஐ 5-ஆல் வகுக்க 0.34. வண்டி இப்போது நிற்கும் இடத்திலிருந்து 34 சென்டிமீட்டர் முன்னே போய் நிற்கும். எடையை எடுத்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவரும்.